4.7கே ரெசிஸ்டர் மீட்டரில் 4.47 காட்டுகிறது: ±5% எல்லைக்குள் இருக்கிறதா, வெளியே போய்விட்டதா?

மின்மினி

வணக்கம். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியின் வோல்டேஜை மைக்ரோகண்ட்ரோலரில் படிக்க ஒரு டிவைடர் போட்டுக்கொண்டிருக்கிறேன். மேலே 16கே, கீழே 4.7கே. ஏடிசி பின்னுக்கு 3.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4 வரை போகும். அப்போது பின்னில் 3.27 வருகிறது, அதனால் சரியாக இருக்கும் என்று நினைத்தேன்.

சாலிடர் வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் அளந்து பார்ப்பது என் வழக்கம். 4.7கே ரெசிஸ்டர் மீட்டரில் 4.47 காட்டியது. பட்டைகள் மஞ்சள், ஊதா, சிவப்பு, தங்கம். தங்கம் என்றால் ±5% என்று தெரியும். 4.47இல் 5 சதவீதம் 0.2235. அதைக் கூட்டினால் 4.69தான் வருகிறது, 4.7ஐத் தொடவே இல்லை. அப்படியென்றால் இது எல்லைக்கு வெளியே போய்விட்டதாகத்தானே அர்த்தம்? ஒரே நாடாவில் ஒட்டி வந்த பத்தில் இது முதலாவது. மீதி ஒன்பதையும் நம்பலாமா?

சாலிடர்புகை

உங்க கணக்கு சரிதான். 4.7க்கும் 4.47க்கும் வித்தியாசம் 0.23. அதை 4.47ஆல வகுத்தா 5.1 சதவீதம். தங்கப் பட்டைக்கு 5தான் அனுமதி. தூக்கிப் போட்டுட்டு அடுத்ததை எடுங்க. ஒரு ரெசிஸ்டருக்காக இவ்வளவு யோசிக்க வேண்டாம்.

ஓமானி

தூக்கிப் போட வேண்டாம், மின்மினி. இரண்டு பேருமே சதவீதத்தைத் தப்பான எண்ணிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். 5% என்பது பட்டையில் இருக்கும் மதிப்புக்கு, அதாவது 4700 ஓமுக்கு. அளந்து வந்த மதிப்புக்கு இல்லை.

```
4700 x 0.95 = 4465
4700 x 1.05 = 4935
```

4465இலிருந்து 4935 வரை எது வந்தாலும் அந்த ரெசிஸ்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது. 4470 அதற்குள்தான் இருக்கிறது, 5 ஓம் இடைவெளியில். வித்தியாசம் 230 ஓம். அதை 4700ஆல் வகுத்தால் 4.89 சதவீதம்.

ஏன் பட்டை மதிப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்று கேட்டால், தயாரிப்பவர் வாக்குக் கொடுப்பது அந்த ஒரே எண்ணை வைத்துத்தான். அளந்த மதிப்பு ஒவ்வொன்றுக்கும் வேறு. அதிலிருந்து 5% எடுத்தால், பத்து ரெசிஸ்டருக்குப் பத்து வேறு எல்லைகள் வரும், எதை வைத்து ஏற்பது, எதை வைத்துத் தள்ளுவது? நடு மதிப்புக்குப் பக்கத்தில் இந்தக் குழப்பம் வெளியே தெரியாது. ஓரத்துக்கு வரும்போதுதான், உங்களுக்கு நடந்த மாதிரி, நல்ல பொருள் குப்பைக்குப் போகும்.

இப்போது இரண்டு கேள்வி. உங்கள் மீட்டரின் கையேட்டில் ரெசிஸ்டன்ஸ் அளவுக்கு என்ன துல்லியம் போட்டிருக்கிறது? அளக்கும்போது ரெசிஸ்டரை எப்படிப் பிடித்தீர்கள்?

சாலிடர்புகை

சரி, பட்டை மதிப்பிலிருந்துதான் எடுக்கணும்னா ஒத்துக்கிறேன். இதுவரைக்கும் நான் மீட்டர்ல வர்றதை வெச்சுத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஆனா 5 ஓம் இடைவெளியில இருக்கிறதை நான் போர்டுல வைக்க மாட்டேன். இன்னைக்கு 4470 காட்டுறது நாளைக்கு 4460 ஆகாதா?

தூண்டல்சுருள்

நான் வேற மாதிரி புரிஞ்சு வெச்சிருந்தேனே. ±5%ன்னா கரண்ட் ஓடும்போது அந்த மதிப்பு மேலயும் கீழயும் 5 சதவீதம் ஆடும்னு அர்த்தம் இல்லையா? அப்படின்னா 4.47 காட்டுறது ஓடும்போது 4.25 வரைக்கும் கூட இறங்குமே. அதனாலதான் துல்லியமான வேலைக்கு 1% போடச் சொல்றாங்கன்னு நினைச்சேன், அது கம்மியா ஆடும்னு.

ஓமானி

இல்லை தூண்டல்சுருள், அது வேறு, இது வேறு. டாலரன்ஸ் என்பது பிறக்கும்போது எங்கே பிறந்தது என்பதைப் பற்றியது. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது, அறை வெப்பத்தில், 4465க்கும் 4935க்கும் இடையே எங்கோ ஓர் இடத்தில் அது இருக்கிறது. 4510இல் இருந்தால் 4510தான். நிமிடத்துக்கு நிமிடம் அந்த முழுத் தூரத்தையும் அலைவதில்லை.

ஆடுவதற்குக் காரணம் வெப்பம். இந்தக் கார்பன் ஃபிலிம் வகையில் ஒரு டிகிரி ஏறினால் பத்து லட்சத்தில் சில நூறு பங்கு இறங்கும். 300 பங்கு என்று வைத்துக்கொண்டால் 30 டிகிரிக்கு 0.9 சதவீதம். இது அந்த 5 சதவீதத்துக்குள் அடங்காது, அதற்கு மேல் தனியாகச் சேரும். சாலிடர் சூடு, பல வருட ஓட்டம் இவற்றால் வரும் மாற்றமும் அப்படியே. அதனால் சாலிடர்புகையின் பயம் நியாயமானது. ஆனால் அது ரெசிஸ்டர் எல்லை மீறியதாக ஆகாது. எல்லை விற்கும் நேரத்துக்கானது.

மின்மினி

நன்றி ஓமானி அண்ணா. நான் 4.47ஆல் கணக்குப் போட்டது ஏன் தப்பு என்று இப்போதுதான் புரிகிறது.

மீட்டர் கையேட்டில் 20கே அளவுக்கு ±(0.8% + 2 இலக்கம்) என்று இருக்கிறது. பிடித்தது எப்படி என்றால், இரண்டு கால்களையும் இரண்டு கை விரல்களால் மீட்டர் முனையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன். நீங்கள் கேட்டதும் சந்தேகம் வந்து, முதலைக் கிளிப் மாட்டி, கையே படாமல் மறுபடி அளந்தேன். இப்போது 4.51 வருகிறது! மூன்று தடவை எடுத்துப் போட்டு அளந்தாலும் 4.51தான்.

ஓமானி

அதற்காகத்தான் கேட்டேன். உங்கள் உடம்பு ரெசிஸ்டருக்கு இணையாக உட்கார்ந்திருந்தது. 4.51ஐ 4.47 ஆக்குவதற்கு உடம்பு சுமார் 500 கிலோ ஓம் இருந்தால் போதும். விரலை அழுத்திப் பிடித்தால் அந்த அளவுக்கு வந்துவிடும். 100 ஓமை அளக்கும்போது இது கண்ணுக்கே தெரியாது. 1 மெகாவை அளக்கும்போது மதிப்பு மூன்றில் ஒன்றாக விழுந்துவிடும். 4.7கேயில் ஒரு சதவீதம் போல வருகிறது. நடுவில் இருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கடைசல்பட்டறை

எனக்கு எலக்ட்ரானிக்ஸ் பெரிதாகத் தெரியாது. நான் இயந்திர பாகங்கள் செய்யும் இடத்தில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் வரைபடங்களில் சதவீதம் இருக்காது, 25 மில்லிமீட்டர் என்று எழுதி பக்கத்தில் கூட்டல் கழித்தல் இத்தனை மைக்ரான் என்று இருக்கும். ஆனால் இந்தக் கேள்வி எங்களுக்கு தினமும் வருவதுதான்.

மின்மினி, உங்கள் மீட்டர் சொல்வது 4.51 இல்லை, 4.51க்குச் சுற்றிலும் ஒரு பட்டை. 4510இல் 0.8 சதவீதம் 36 ஓம். 20கே அளவில் கடைசி இலக்கம் 10 ஓம் என்றால் 2 இலக்கம் 20 ஓம். ஆக மொத்தம் 56. உண்மையான மதிப்பு 4454க்கும் 4566க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 4465 என்ற எல்லை அந்தப் பட்டைக்குள்ளேயே விழுகிறது. இந்த மீட்டரை வைத்துக்கொண்டு உள்ளே என்றும் கையெழுத்துப் போட முடியாது, வெளியே என்றும் போட முடியாது.

ஐஎஸ்ஓ 14253-1இல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அது எங்களைப் போன்ற வடிவ அளவு பார்ப்பவர்களுக்கானது, ஆனாலும் யோசனை எல்லோருக்கும் பொருந்தும். ‘என் பாகம் சரி’ என்று விற்பவர் நிரூபிக்க வேண்டுமானால், தன் கருவியின் பிழையை எல்லையிலிருந்து உள்பக்கமாகக் கழித்துக்கொள்ள வேண்டும். ‘இது சரியில்லை’ என்று திருப்பி அனுப்புகிறவர், தன் பிழையை வெளிப்பக்கமாகக் கூட்டிக்கொண்டு, அதையும் தாண்டினால்தான் திருப்பலாம். உங்கள் மீட்டருக்கு அதைப் போட்டால் கீழ் ஓரத்தில் ஏறக்குறைய 4521க்கு மேல் காட்டினால் நிச்சயமாக உள்ளே, 4409க்குக் கீழே காட்டினால் நிச்சயமாக வெளியே. நடுவில் வருவதற்கு எங்கள் மேசையில் தனித் தட்டு இருக்கிறது. இதைவிட நல்ல கருவி வரும்வரை அதில் கிடக்கும்.

சாலிடர்புகை

ஒரு ரெசிஸ்டருக்குத் தனித் தட்டு ரொம்ப அதிகம் சார். ஆனா மீட்டருக்கும் ஒரு டாலரன்ஸ் இருக்குங்கிறதை நான் யோசிச்சதே இல்லை.

ஓமானி

கடைசல்பட்டறை சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் மீட்டர்களைச் சரிபார்க்கும் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். கையேட்டில் 0.8% இருந்தாலும் நல்ல மீட்டர்கள் பெரும்பாலும் அதில் பாதிக்குள்ளேயே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த 4.51 பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். நிரூபணம் கேட்டால் மட்டும் அவர் சொல்வதுதான் பதில்.

இன்னொன்றும் இருக்கிறது மின்மினி. 5% வரிசையில் 4.7க்கு முந்தைய மதிப்பு 4.3கே. அதன் எல்லை 4085இலிருந்து 4515 வரை. உங்கள் 4510 அதற்குள்ளும் அடங்குகிறது! ஒரு பத்து மடங்குக்குள் 24 மதிப்புகளை வைத்திருப்பதால், ஒன்றின் மேல் ஓரமும் அடுத்ததன் கீழ் ஓரமும் கிட்டத்தட்ட ஒட்டி நிற்கும், சில இடங்களில் கொஞ்சம் ஏறிக்கொள்ளும். ஆகவே அளந்து மட்டும் இது 4.7தான் என்று சொல்லிவிட முடியாது. 4.3க்குப் பட்டை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. இரண்டாவது பட்டை ஊதாதான் என்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மின்மினி

ஜன்னல் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஊதாதான். நாடாவிலும் 4கே7 என்று அச்சடித்திருக்கிறது.

சாலிடர்புகை

சரி, ரெசிஸ்டர் பிழைச்சுது. ஆனா மின்மினிக்கு வேண்டியது ரெசிஸ்டர் இல்லையே, வோல்டேஜ். மேல ஒண்ணு 5%, கீழ ஒண்ணு 5%. ரெண்டையும் கூட்டினா வோல்டேஜ்ல 10% தப்பு வரும். அதை முதல்ல பாருங்க.

ஓமானி

இதில் பாதி சரி. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் போனால் பிழை கூடும், அது உண்மை. ஆனால் 10 வராது. இரண்டும் ஒரே பக்கம் போனால் பிழையே இருக்காது, ஏனென்றால் டிவைடருக்குத் தேவை விகிதம் மட்டுமே. மின்மினியின் 16கே, 4.7கே இரண்டையும் எடுத்து, மிக மோசமாகப் போகும் நிலைமையைப் பார்ப்போம். கீழே உள்ளது +5%, மேலே உள்ளது −5%.

```
4.700 / (16.00 + 4.700) = 0.2271   14.4 V -> 3.27 V
4.935 / (15.20 + 4.935) = 0.2451   14.4 V -> 3.53 V
```

3.27இலிருந்து 3.53, கிட்டத்தட்ட 8 சதவீதம். மேலே உள்ள ரெசிஸ்டர் மொத்தத்தில் எவ்வளவு பங்கோ, அந்தப் பங்கு அளவுக்குத்தான் 10 சதவீதம் குறைகிறது. இங்கே மேல் பங்கு 77 சதவீதம், அதனால் 7.7க்குப் பக்கத்தில். கீழே விழும் வோல்டேஜ் சிறியதாக ஆக ஆகத்தான் அது 10ஐ நெருங்கும்.

மின்மினி, உங்கள் உண்மையான சிக்கல் இதுதான். 3.53 வந்தால் பின் எரிந்துவிடும் என்று சொல்ல வரவில்லை, அது சிப்பைப் பொறுத்தது. ஆனால் ஏடிசி 3.3இல் நிரம்பிவிடும். பேட்டரி 13.46 வோல்ட்டைத் தொட்டதுமே முழு எண்ணும் வந்துவிடும், அதற்கு மேல் 14.4 வரை எல்லாம் ஒரே எண்ணாகத் தெரியும். சார்ஜ் முடிந்ததா என்று பார்க்கவேண்டிய இடமே அதுதான். மேலே 18கே போடுங்கள். அப்போது மிக மோசமாகப் போனாலும் 14.4க்கு 3.23 வோல்ட்தான் வரும், உள்ளே அடங்கும்.

நீலப்பலகை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் கதை இதோடு சேர்ந்தது. நானும் இதே மாதிரி பேட்டரி அளக்கும் போர்டு செய்தேன். உண்மையில் 12.0 இருக்கும்போது திரையில் 12.3 வந்தது. 5% ரெசிஸ்டர்தான் காரணம் என்று முடிவு கட்டி இரண்டையும் கழற்றி 1% போட்டேன். மறுபடியும் 12.3. ஒரு வாரம் தேடினேன்.

கடைசியில் பார்த்தால் ஏடிசி ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்டது போர்டின் 3.3 வோல்ட் சப்ளையை. அந்த ரெகுலேட்டர் உண்மையில் 3.22 கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கும் டேட்டா ஷீட்டில் ஒரு டாலரன்ஸ் இருக்கிறது, 3.22 அதற்குள்தான். நிரலில் நான் 3.30 என்று எழுதி வைத்திருந்தேன். 3.30ஐ 3.22ஆல் வகுத்தால் 1.025, அதாவது எனக்கு வந்த அதே இரண்டரை சதவீதம். அதனால் மின்மினி, ரெசிஸ்டரை மட்டும் சந்தேகப்பட்டு நேரத்தை விடாதீர்கள்.

மின்மினி

18கே வைத்துக் கணக்குப் போட்டேன். நிரலில் பட்டை மதிப்புகளையே எழுதிவிட்டு, உண்மையில் ரெசிஸ்டர்கள் ஓரத்தில் இருந்தால், 12.0 வோல்ட் பேட்டரி திரையில் 11.08 ஆகவும் தெரியலாம், 12.98 ஆகவும் தெரியலாம். இது எனக்குப் பெரிய அதிர்ச்சி. 12.98 என்றால் நிறைந்து வழிகிற பேட்டரி, 11.08 என்றால் செத்த பேட்டரி. நடுவில் இருக்கிற முழு வாழ்க்கையும் பிழைக்குள்ளேயே போய்விடுகிறது. அப்போது 5% ரெசிஸ்டரை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாதா?

சாலிடர்புகை

எடுக்கலாம், ஒரு வழி இருக்கு. ஒண்ணுக்குப் பதிலா நிறைய ரெசிஸ்டரைத் தொடரா போடுங்க. ஒண்ணு கூட இருந்தா இன்னொண்ணு கொறைஞ்சு இருக்கும், சராசரி சரியாகிடும். பத்து போட்டா 5 சதவீதம் ஒன்றரை சதவீதமா இறங்கிடும்னு படிச்சிருக்கேன்.

ஓமானி

நீங்கள் படித்த கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொன்றும் மற்றதைப் பற்றிக் கவலைப்படாமல் தனித்தனியாக விலகியிருக்க வேண்டும். ஒரே நாடாவில் வருபவை அப்படி இருப்பதில்லை. ஒரே கலவை, ஒரே இயந்திரம், ஒரே நாள். ஒன்று 4% குறைவாக இருந்தால் பக்கத்தில் இருப்பதும் பெரும்பாலும் அப்படியே. அவற்றைப் பத்து தொடராகப் போட்டாலும் 4% குறைவாகவே இருக்கும்.

ஆனால் இதே குணம் டிவைடருக்கு வரமாக ஆகிறது. மின்மினி, மேலே 18கே போட வேண்டாம். உங்களிடம் இருக்கும் அதே 4.7கேயில் நான்கைத் தொடராக மேலே வையுங்கள், ஒன்றைக் கீழே வையுங்கள். விகிதம் சரியாக ஐந்தில் ஒன்று. 14.4க்கு 2.88 வோல்ட். ஐந்தும் சேர்ந்து 4% குறைவாக இருந்தால் விகிதத்தில் ஒரு துளி மாற்றம் இருக்காது. ஒருவேளை நினைத்தது நடக்காமல் நான்கும் −5%, ஒன்று +5% என்று வந்தாலும் 3.12தான், ஏடிசி நிரம்பாது. வெளியே தெரியும் ரெசிஸ்டன்ஸ் 3.8கே, பெரும்பாலான ஏடிசிக்கு அது தொந்தரவு தராது.

கணக்கை நம்பாதீர்கள், ஐந்தையும் கிளிப் மாட்டி அளந்து சொல்லுங்கள். மீட்டர் ஒரே பக்கம் கொஞ்சம் தப்பாகக் காட்டினாலும் இங்கே பரவாயில்லை, விகிதத்தில் அதுவும் அடிபட்டுப் போகும்.

கடைசல்பட்டறை

எங்களிடம் இதற்கு நேர் இணையான பழக்கம் உண்டு. குழலும் தண்டும் எல்லைக்குள் இருந்தால் மட்டும் போதாது, ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று வரும்போது ஜோடி சேர்த்துத்தான் அனுப்புவோம். தனித்தனியாக இரண்டும் ஓரத்தில் இருந்தாலும் ஜோடி அருமையாக ஓடும்.

மின்மினி

அளந்துவிட்டேன். கீழே வைக்கப்போவது 4.51. மேலே வைக்கப்போகும் நான்கு 4.52, 4.50, 4.52, 4.53. கூட்டினால் 18.07.

```
4.51 / (18.07 + 4.51) = 0.1997
```

0.2க்கு 0.13 சதவீதம்தான் குறைவு! 12.0 வோல்ட் பேட்டரி 11.98 என்று தெரியும். ஐந்தும் தனித்தனியாக 4 சதவீதம் குறைவாக இருக்கின்றன, ஆனால் சேர்ந்து நிற்கும்போது 1% ரெசிஸ்டர் ஜோடியைவிட நன்றாக நிற்கின்றன. இதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

வெள்ளிப்பட்டை

இதில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். 5% ரெசிஸ்டர்களில் நடு மதிப்புக்குப் பக்கத்தில் இருப்பவற்றை 1%, 2% என்று பிரித்து விற்றுவிடுவார்கள், மிச்சம் இருப்பதுதான் தங்கப் பட்டையோடு வருகிறது என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சொன்னார். அப்படியென்றால் ஒரே பொதியில் சில −4, சில +4 என்று இரண்டு கூட்டமாக இருக்குமே. அப்போது இந்த ஜோடி வித்தை உங்களைக் கைவிடும். மின்மினிக்கு ஐந்தும் ஒரே பக்கம் வந்தது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்.

ஓமானி

பழைய காலத்தில் அப்படிப் பொறுக்கிப் பிரித்ததாக நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் என் கையால் அளந்த நாடாக்களில் நடுவில் ஓட்டை விழுந்த கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஒரே குவியலாக, ஏதோ ஒரு பக்கம் தள்ளி நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன். 1% ரெசிஸ்டர் பெரும்பாலும் மெட்டல் ஃபிலிம், தங்கப் பட்டை பெரும்பாலும் கார்பன் ஃபிலிம். பொருளே வேறாக இருக்கும்போது ஒன்றிலிருந்து மற்றதைப் பொறுக்க முடியாதே.

வெள்ளிப்பட்டை

நீங்கள் பார்த்தது நாடா. நான் சொல்வது உதிரியாகக் கலந்து கட்டிய பொட்டலம். அதில் நான் ஒரே பொட்டலத்தில் 4.52ம் 4.86ம் பார்த்திருக்கிறேன்.

ஓமானி

உதிரிப் பொட்டலத்தில் இரண்டு மூன்று நாடாக்களின் சரக்கு கலந்திருக்கும். அங்கே ஜோடி வித்தையை நானும் நம்ப மாட்டேன். அளந்து பொறுக்கினால் மட்டும் சரி. நடுவில் ஓட்டை விழுவது பற்றி மட்டும் நான் இன்னும் உங்களோடு ஒத்துப்போகவில்லை.

நீலப்பலகை

மின்மினி, ரெசிஸ்டர் முடிந்தது. இனி சப்ளை பிழை இருக்கிறது. போர்டை ஓடவிட்டு, பேட்டரி முனையில் மீட்டரை வைத்துப் படியுங்கள். மீட்டர் 12.41, திரை 12.10 என்று வந்தால், 12.41ஐ 12.10ஆல் வகுத்து 1.0256ஐ நிரலில் பெருக்குங்கள். ரெகுலேட்டர், ரெசிஸ்டர் இரண்டின் பிழையும் ஒரே பெருக்கலில் போய்விடும். அதற்கப்புறம் உங்கள் துல்லியம் மீட்டரின் டிசி வோல்ட் துல்லியம்தான். 0.5% என்றால் 12.41இல் 0.06 வோல்ட்.

தூண்டல்சுருள்

அப்படிப் பெருக்கி எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்னா, மின்மினி முதல்லயே 16கே, 4.7கே போட்டுப் பெருக்கியிருக்கலாமே? ஐந்து ரெசிஸ்டர் எதுக்கு?

ஓமானி

நல்ல கேள்வி. இரண்டு காரணம். ஏடிசி நிரம்பிவிட்டால் பெருக்கினாலும் திரும்ப வராது, 13.46க்கு மேல் இருந்த தகவல் போய்விட்டது. இரண்டாவது, பெருக்கல் நீங்கள் அளந்த அந்த வெப்பத்துக்கு மட்டும் சரி. சூடு ஏறும்போது இரண்டும் ஒரே மாதிரி இறங்கினால்தான் அது நிலைக்கும். 16கேயும் 4.7கேயும் ஒரே மாதிரி இறங்கும் என்று உறுதியில்லை. கார்பன் ஃபிலிமில் மதிப்பு மாறினால் இறங்கும் வேகமும் மாறலாம். மின்மினி, ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று மட்டும் ரெகுலேட்டரை ஒட்டி இருந்துவிடக் கூடாது.

மின்மினி

ஐந்தையும் வரிசையாகச் சாலிடர் வைத்துவிட்டேன். பெருக்கலும் போட்டாயிற்று. மீட்டரில் 12.02, திரையிலும் 12.02.

வெப்பம் பற்றிச் சொன்னதைச் சோதிக்க ஹேர் டிரையரை எடுத்தேன். ஐந்தின் மேலும் சீராகக் காற்று அடித்தபோது திரை 12.02ஐ விட்டு நகரவில்லை. பிறகு மேலே உள்ள நான்கையும் அட்டையால் மறைத்துவிட்டு, கீழே உள்ள ஒன்றின் மேல் மட்டும் அடித்தேன். கொஞ்ச நேரத்தில் 11.93க்கு இறங்கியது. காற்றை நிறுத்தியதும் மெதுவாக ஏறி 12.02க்கே வந்துவிட்டது.

11.93இல் இருந்தபோது அந்த ரெசிஸ்டர் எவ்வளவு இருந்திருக்கும் என்று திருப்பிக் கணக்குப் போட்டேன். 4.47. நான் முதலில் எழுதிய அதே எண்.